கேப் கார்பனேட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். தென் ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் இருக்கும் எலட்டினா பாறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் நின்றுவிட்டேன். அங்கே பனியாறுகள் விட்டுப்போன படிவு இருக்கிறது. களிமண், மணல், கீறல் விழுந்த கற்கள் எல்லாம் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும். அதற்கு நேர் மேலே, கத்தியால் அறுத்தது போன்ற எல்லைக்கு அப்புறம், சில மீட்டர் தடிப்பில் வெளிர்சிவப்பு நிறக் கார்பனேட் பாறை. அதற்கு நுக்கலீனா என்று பெயர், வயது சுமார் 63.5 கோடி ஆண்டு. பனிப்படிவு மேல் இப்படி வந்து உட்காரும் பாறையைத்தான் கேப் கார்பனேட் என்கிறார்கள்.

தொப்பிக் கார்பனேட் என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. இப்போதைக்குச் சுண்ணமூடி என்று வைத்திருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

தங்கராசு:

கயல், நான் ஒடிசாவில் தால்சேர் நிலக்கரி வயலில் பல வருடம் வேலை பார்த்தவன். அங்கே அடியில் கிடக்கும் பாறாங்கல் படுகை பனியால் வந்தது என்று 1856-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கீறல் விழுந்த கல்லை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதன் மேலே களிப்பாறை, மணற்கல், அப்புறம் நிலக்கரி என்றுதான் போகும், கார்பனேட் மூடி எதையும் நான் கண்டதில்லை. ஆகவே எல்லாப் பனிப்படிவுக்கும் மூடி உண்டு என்பதுபோல் சொல் அமைந்துவிடக் கூடாது.

இன்னொன்று, நீங்கள் போன மடலில் எலட்டினா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உருவானது என்று எழுதியிருந்தீர்கள். கண்டங்கள் நகர்ந்தவை அம்மா. இந்தியா போல ஆஸ்திரேலியாவும் தென்துருவத்தை ஒட்டி இருந்தபோது பனி வந்திருக்கும், அதைத் திருத்திவிடுங்கள்.

சிவநேசன், யாழ்ப்பாணம்:

எனக்கு ஒரு சொல் முதலில் இடிக்கிறது. பனியாறு என்றால் மாணவர்கள் மார்கழிப் பனியை நினைப்பார்கள். இங்கே நாங்கள் பனிக்கட்டியாறு என்றுதான் படிப்பிக்கிறோம், அதையே எடுத்தால் என்ன?

நிலநடுக்கோட்டில் பனி என்பதில் எனக்குப் பெரிய அதிசயம் தெரியவில்லை. கிளிமஞ்சாரோ உச்சியில் இன்றைக்கும் இருக்குதே.

மணிமேகலை:

தங்கராசு ஐயா தால்சேர் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அது சுமார் 30 கோடி ஆண்டு பழையது, இந்தியா அப்போது கோண்டுவானாவோடு தெற்கே இருந்தது. எலட்டினா வயதில் அதைப்போல் இரண்டு மடங்கு. கண்டங்கள் நகர்ந்தன என்பதால்தான், அந்தப் பாறை படிந்த நாளில் எந்த அட்சரேகையில் இருந்தது என்று பாறையிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

அதைக் கேட்கும் வழி காந்தம். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் பூமியின் காந்தப்புலம் சாய்ந்திருக்கும் கோணத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் புலம் துருவத்தில் செங்குத்தாக நிற்கும், நிலநடுக்கோட்டில் கிடையாகப் படுக்கும். சாய்வுக்கோணம் I, அட்சரேகை λ என்றால் கணக்கு இவ்வளவுதான்:

```
tan I = 2 tan λ
```

60 டிகிரி அட்சரேகையில் படிந்த வண்டலில் சாய்வு சுமார் 74 டிகிரி இருக்க வேண்டும். சாய்வு 10 டிகிரி என்றால் அட்சரேகை 5 தான். எம்பிள்டனும் வில்லியம்சும் 1986-ல் எலட்டினாவை அளந்து வெளியிட்டபோது கிடைத்தது இப்படிப்பட்ட சிறிய சாய்வு. பின்னால் செய்த அளவீடுகளும் நடுக்கோட்டை ஒட்டியே நிற்கின்றன.

ஆனால் அந்தக் காந்தம் அப்போதே பதிந்ததா, பல கோடி ஆண்டு கழித்துப் பாறை சூடானபோது ஏறியதா என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்? இதை 1987-ல் சம்னர், கிர்ஷ்விங்க், ரன்னகர் மூவரும் சோதித்தார்கள். எலட்டினாவின் மெல்லிய அடுக்குகளில் சில, ஈர வண்டலாக இருக்கும்போதே சரிந்து மடிந்தவை. மடிப்பின் இரண்டு பக்கத்திலும் காந்தத் திசை வேறுவேறாக இருந்தது. கணக்கில் மடிப்பை விரித்து நேராக்கினால் திசைகள் ஒன்றுசேர்ந்தன. மடிந்த பிறகு ஏறிய காந்தமாக இருந்தால் விரித்ததும் திசைகள் சிதறியிருக்கும். ஆக வண்டல் இறுகும் முன்பே அது பதிந்துவிட்டது. பூமி முழுவதும் உறைந்து கிடந்தது என்ற கருத்துக்கு 1992-ல் பனிப்பந்து பூமி என்ற பெயரைக் கொடுத்தவரும் இதே கிர்ஷ்விங்க்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேலே ஏறும் எடையில் வண்டல் நசுங்கினால் சாய்வு கொஞ்சம் குறைந்துவிடும், உண்மையான அட்சரேகை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அதற்காகத் துருவம்வரை கொண்டுபோக முடியாது.

சிவநேசன் ஐயா, கிளிமஞ்சாரோ பனி 5000 மீட்டருக்கு மேலே. நான் சொன்ன மெல்லிய அடுக்குகள் கடல் ஏற்றவற்றத்தில் படிந்தவை, வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப அடுக்கு தடித்தும் மெலிந்தும் வருவதைக்கூட எண்ணியிருக்கிறார்கள். அதாவது நடுக்கோட்டுக்கு அருகில் கடல்மட்டத்திலேயே பனி. பனிக்கட்டியாறு என்ற சொல்லுக்கு என் ஓட்டு உண்டு.

சிவநேசன்:

ஓம், கடல்மட்டம் என்பதை நான் கவனிக்கவில்லை. ஆனால் ஏற்றவற்றம் என்றால் கடல் திறந்து இருந்திருக்க வேண்டுமே? முழுப் பூமியும் உறைந்தது என்பது அப்போது எப்படிப் பொருந்தும்?

மணிமேகலை:

அதுதான் இன்னும் தீராத வழக்கு. நடுக்கோட்டுப் பக்கம் திறந்த நீர் இருந்தது என்கிறவர்கள் இந்த அடுக்குகளைத்தான் காட்டுகிறார்கள். அவை பனி விலகத் தொடங்கிய பிறகு படிந்தவையாக இருக்கலாம் என்பது மறுதரப்பு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். சுண்ணமூடி எனக்குச் சரிப்படவில்லை. நுக்கலீனா டோலமைட், சுண்ணாம்புக்கல் அல்ல. கார்பனேட் என்றே விடுவது நல்லது. மூடுபாறை என்று யாராவது சொல்லும் முன் சொல்லிவிடுகிறேன், எண்ணெய் தேடுவோர் எண்ணெயைக் கசியவிடாமல் அடைக்கும் பாறையை அப்படி அழைப்பார்கள்.

பனிப்படிவின் மூடி என்ற கருத்தே எனக்கு நெருடுகிறது. நமீபியாவில் காப் என்ற பனிப்படிவு விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது. அதன் மேலுள்ள டோலமைட்டோ அது இல்லாத இடத்திலும் அரித்துப்போன பழைய பாறை மேல் நேராகப் படர்ந்து கிடக்கிறது. பனி உருகிக் கடல் ஏறிய இடமெல்லாம் அது படிந்திருக்கிறது. பாத்திரம் இருந்தால்தானே மூடி? படுத்திருப்பவரையும் தாண்டிப் பாய்மேலும் விழுகிற போர்வை போன்றது இது. போர்வைக் கார்பனேட் என்று வைக்கலாமே.

கயல்விழி:

அக்கா, போர்வை பிடித்திருக்கிறது. ஆனால் பனிக்கு அடுத்து ஏன் கார்பனேட் என்று என் கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். உறைந்த காலத்திலும் எரிமலைகள் கார்பன் டை ஆக்சைடைக் கக்கிக்கொண்டே இருந்தன, அதைக் கரைத்து எடுக்க மழையும் பாறைச் சிதைவும் இல்லை. வாயு சேர்ந்து சூடேறிப் பனி உடைந்ததும், அமில மழை புதிதாக வெளிவந்த பாறைப்பொடியைக் கரைத்துக் கடலுக்கு அனுப்பியது, சூடான கடலில் அது கார்பனேட்டாக இறங்கியது. சில ஆயிரம் ஆண்டுகளில் முடிந்தது.

மணிமேகலை:

கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு. இதே காலத்தைச் சேர்ந்த போர்வைகளில் காந்தத் திசை தலைகீழாகத் திரும்பியது பதிவாகியிருக்கிறது. ஒரு திருப்பம் முடியவே ஆயிரக்கணக்கில் ஆண்டு ஆகும், பல திருப்பம் என்றால் லட்சக்கணக்கில் போகும். கடல் ஏறிய வேகமோ அவ்வளவு காலம் தராது. இரண்டையும் யாரும் இன்னும் சேர்த்து வைக்கவில்லை.

தங்கராசு:

அட்சரேகை விஷயத்தில் என் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அந்த மடிப்புச் சோதனை எனக்குப் புதிது. போர்வை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. நமீபியாவில் அந்த டோலமைட்டுக்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் சுண்ணாம்புக்கல்லும் தொடர்கிறதாம், சிலர் அதையும் சேர்த்தே கேப் கார்பனேட் என்கிறார்கள். அத்தனை தடிப்பைப் போர்வை என்றால் பொருந்துமா? அடியிலுள்ள மெல்லியதைப் போர்வை டோலமைட் என்றும் மொத்தத்தைப் போர்வைத் தொடர் என்றும் பிரிக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

முசூரிப் பக்கம் பிளைனியிலும் கற்கள் கலந்த படிவின் மேல் இளஞ்சிவப்பு டோலமைட் உண்டு. கயல், நம் நாட்டு உதாரணமாக அதைச் சேர்ப்பாயா?

கயல்விழி:

சேர்க்கிறேன் ஐயா. போர்வை டோலமைட், போர்வைத் தொடர் இரண்டையும் போட்டு வரைவை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். பனிக்கட்டியாறா பனியாறா என்பதற்கு மட்டும் இன்னும் இரண்டு பேராவது பதில் எழுதுங்கள்.