அரைவட்டக் கம்பியின் விசையைத் தராசில் காட்டுவது எப்படி?

வணக்கம். ஜேசி எச்2 இயற்பியல் மாணவர்களுக்காக ஓர் உதவி. 10 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டக் கம்பி, 3 A மின்னோட்டம், கம்பியின் தளத்துக்குச் செங்குத்தாக 0.5 T சீரான புலம் என்று கணக்கு. பலர் நீளத்தை πr என எடுத்து 0.47 N எழுதுகிறார்கள். விட்டத்தை எடுத்தால்தான் சரி: 0.30 N. கம்பியின் சிறுதுண்டுகளைத் திசையோடு கூட்டினால் மிஞ்சுவது முனைகளை இணைக்கும் நேர்கோடுதான். பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்.

இதைத் தராசில் காட்டத்தான் சிக்கல். எங்கள் காந்தங்கள் 5 செ.மீ. நீளம், 2 செ.மீ. உயரம். 4 செ.மீ. விட்டமுள்ள அரைவட்டத்தின் அடிப்பகுதி, புலம் வலுவிழக்கும் விளிம்புக்குப் போய்விடுவதால், அதே விட்ட நீள நேர்க்கம்பியைவிட அளவு குறைகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளின் 2 mT புலத்தில் கிடைப்பதோ 0.02 கிராம் அளவுதான், தராசு 0.01 கிராம் வரையே காட்டும். காந்தங்களை இரண்டு அடுக்காக வைத்துச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நடுவில் புலம் சீராக இருந்ததா?