நிமிடத்துக்கு 7 அலைதான் வருகிறது, ஆனாலும் மணல் போய்விட்டது. எங்கே தப்பு?

கரைக்கணக்கு:
மாணவர்களோடு சேர்ந்து இரண்டு மாதமாக ஒரு மணல் கடற்கரையை அளந்து வருகிறேன். கரையில் ஆழமாக ஊன்றிய பழைய மரத்தூண் ஒன்று இருக்கிறது. மணலுக்கு மேல் தூண் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் எங்கள் அளவு. ஆறு வாரமாக அது 1.10 மீட்டரை ஒட்டியே இருந்தது. சென்ற வாரம் இரண்டு நாள் கடல் கொந்தளித்தது. அப்புறம் போய்ப் பார்த்தால் 1.75 மீட்டர்! 65 செ.மீ. மணலைக் காணோம். தூணுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கத்தியால் வெட்டியது போல ஒரு மணல் விளிம்பு.

என் குழப்பம் இதுதான். நிமிடத்துக்கு 6 முதல் 8 வரை வந்தால் ஆக்க அலை, 10 முதல் 14 வரை வந்தால் அழிவு அலை என்றுதான் படித்திருக்கிறோம். கொந்தளிப்பு நாளிலும் நாங்கள் எண்ணினோம், 7 தான் வந்தது. பிறகு எப்படி மணல் போனது? எண்ணியதில் பிழையா?

அலைவாய்:
எண்ணியதில்தான் பிழை இருக்கும். மணலை அரித்திருக்கிறது என்றால் அது அழிவு அலைதான், 10-க்குக் குறைய வாய்ப்பில்லை. அலைகள் நெருங்கி வரும்போது, ஒன்று கரையேறி இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இறங்கும் நீர் மணலுக்குள் வற்ற நேரமில்லாமல் அப்படியே மணலை வாரிக்கொண்டு போகும். இடைவெளி அதிகம் இருந்தால் ஏறிய நீர் மணலில் ஊறிவிடும், சுமந்து வந்தது கரையிலேயே தங்கும். மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கூழாங்கல்:
எனக்குத் தெரிந்த கரையில் நடப்பது இதற்கு நேர் எதிர். புயல் அலை வந்த மறுநாள் கரையின் உச்சியில் புதிதாகக் கல் வரப்பு எழும்பியிருக்கும். பெரிய அலை கரையைக் கட்டத்தானே செய்கிறது?

மணல்வரி:
கூழாங்கல், உங்கள் கரை முழுக்கக் கல்தானே? அது தனிக் கதை. பெரிய அலை கற்களை உச்சிவரை எறியும். ஏறிய நீர் கற்களின் இடுக்கில் வடிந்துபோவதால், அவற்றைத் திரும்ப இழுக்க வலுவான நீர் மிஞ்சாது. ஆனால் அதே இரவில் கரையின் கீழ்ப்பகுதியில் கல் குறைந்திருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள். மணல் கரைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

கரைக்கணக்கு, நீங்கள் எண்ணியது சரியாகவே இருக்கலாம். எதை எண்ணினீர்கள், எப்படி எண்ணினீர்கள்? அலை உடைந்த இடத்தில் அதன் உயரம் எவ்வளவு? இப்போது அலை எங்கே உடைகிறது? இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

கரைக்கணக்கு:
அலை உடையும் இடத்துக்கு வெளியே ஒரு மிதவையைப் பார்த்துக்கொண்டு எண்ணினோம். முதல் முகடு அதைத் தாண்டியதும் கடிகாரத்தை ஓடவிட்டோம், 11-ஆவது முகட்டில் நிறுத்தினோம். 85 வினாடி. அமைதியான நாட்களிலும் ஏறக்குறைய அதேதான். உயரம் மட்டும் வேறு. முன்பு 60 செ.மீ. போல இருக்கும், அன்று ஏறத்தாழ 2.4 மீட்டர்.

மூன்றாவது கேள்வியைப் படித்த பிறகுதான் கவனித்தேன். முன்பெல்லாம் கரைக்குப் பக்கத்திலேயே அலை உடையும். இப்போது வெகுதூரம் தள்ளி ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் அமைதியான நீர், அப்புறம் கரையில் சின்ன அலை.

மணல்வரி:
உங்கள் மணல் அந்த வெள்ளைக் கோட்டுக்கு அடியில் ஒரு திட்டாகக் கிடக்கிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 10 அலைக்கு 85 வினாடி, அதாவது ஓர் அலைக்கு 8.5 வினாடி, இதுதான் T. ஆழ்கடலில் அலைநீளம் L = 1.56 × T², உங்களுக்கு ஏறக்குறைய 113 மீட்டர். அமைதி நாளில் உயரத்தை நீளத்தால் வகுத்தால் 0.6 / 113, சுமார் 0.005. கொந்தளிப்பில் 2.4 / 113, சுமார் 0.021. எண்ணிக்கை மாறவில்லை, அலை நான்கு மடங்கு செங்குத்தாகிவிட்டது. 5 வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் 39 மீட்டர்தான், அது வெறும் 80 செ.மீ. உயரத்திலேயே இந்தச் செங்குத்தை எட்டிவிடும். அதனால்தான் நெருக்கமாக வரும் அலையை அழிவு அலை என்று பாடத்தில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் கணக்கை முடிவு செய்வது செங்குத்துதான். கரையில் நின்று கணித்த உயரம் ஆழ்கடல் உயரம் ஆகாது, இரண்டு நாளையும் ஒப்பிட மட்டும் இது போதும்.

அலைவாய் சொன்ன ஏறுநீர், இறங்குநீர் விளக்கம் கரையின் விளிம்பில் நடப்பதற்குச் சரி. ஆனால் புயலில் மணலைக் கடலுக்குள் கொண்டுபோகும் பெரிய வேலை அலை உடையும் பகுதியில் நடக்கிறது. உயர்ந்த அலைகள் கரையை நோக்கி நீரைக் குவிக்கின்றன. குவிந்த நீர் தரையை ஒட்டிய அடியோட்டமாக வெளியே போகிறது. உடையும் அலை கிளறிய மணல் அந்த ஓட்டத்தில் சிக்கிக்கொள்கிறது.

மணல் பருமனும் இதில் சேரும். கடற்கரைப் பொறியாளர் ராபர்ட் டீன் 1973-இல் இதை எளிமையாகக் கணக்கிட்டுக் காட்டினார். 0.2 மி.மீ. மணல் நீரில் வினாடிக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. வேகத்தில் இறங்கும். அலை அதை 25 செ.மீ. கிளப்பினால் தரை தொட 10 வினாடி ஆகும். உங்கள் அலையில் நீர் கரைப்பக்கம் நகர்வது 4 வினாடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மணல் இறங்கும் முன்பே நீர் திசை மாறிவிடுகிறது. 0.5 மி.மீ. மணலாக இருந்தால் 4 வினாடிக்குள் இறங்கிவிடும். ஆகவே ஒரே அலை ஒரு கரையை அரிக்கலாம், பக்கத்துக் கரையைக் கட்டலாம். எல்லாக் கரைக்கும் பொருந்தும் ஓர் எல்லை எண் கிடையாது.

அலைவாய்:
சரி, எண்ணிக்கையில் பிழை என்றதை விட்டுவிடுகிறேன். ஆனால் மணலில் நீர் ஊறுவது முக்கியம் இல்லையா?

மணல்வரி:
முக்கியம்தான். ஓதம் இறங்கும்போது கரையில் நின்று பாருங்கள். மேல்பகுதி மணல் மங்கிக் காய்ந்திருக்கும், அங்கே ஏறும் நீர் குமிழி விட்டுக்கொண்டே உள்ளே போய்விடும். கீழே ஒரு கோட்டுக்கு அப்பால் மணல் கண்ணாடி போலப் பளபளக்கும். அங்கே மணல் ஏற்கெனவே நீரால் நிறைந்திருக்கிறது, ஏறியதெல்லாம் அப்படியே திரும்பி ஓடும். புயல் நாளில் அந்தப் பளபளப்பு உச்சிவரை வந்துவிடும்.

கரைக்கணக்கு:
அப்படியானால் மணல் திரும்பி வருமா?

மணல்வரி:
அந்தத் திட்டு இப்போது பெரிய அலையைத் தூரத்திலேயே உடைத்து உங்கள் கரையைக் காக்கிறது. தாழ்ந்த, நீளமான அலையில் முகட்டுக்கு அடியில் நீர் சிறிது நேரம் வேகமாகக் கரைப்பக்கம் ஓடும், பள்ளத்துக்கு அடியில் நெடுநேரம் மெதுவாகத் திரும்பும். அந்த வேக வித்தியாசம் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரும். போனது இரண்டு நாளில், வருவதற்கு வாரங்கள் ஏன், மாதங்கள்கூட ஆகலாம்.

கரைக்கணக்கு (மூன்று வாரம் கழித்து):
தூண் இன்று 1.50 மீட்டர். 25 செ.மீ. திரும்பிவிட்டது! ஓதம் இறங்கியபோது நீரோரத்தில் நீளமாக ஒரு மணல் வரப்பு, அதற்குப் பின்னால் கணுக்கால் ஆழத்தில் தேங்கிய நீர். வெட்டிய விளிம்பும் சரிந்து மழுங்கியிருக்கிறது.

மணல்வரி:
அந்த வரப்புதான் திரும்பி வரும் மணல். கரையேறி ஒட்டிக்கொள்ளும்வரை வாரம் ஒருமுறை அளவெடுங்கள். மீதி 40 செ.மீ. முழுவதும் வருமா என்று ஒரே தூணை வைத்துச் சொல்ல முடியாது. அலை சாய்வாக வந்திருந்தால் ஒரு பகுதி கரையோரமாக நகர்ந்து போயிருக்கும். இருபுறமும் 200 மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு கம்புகளை ஊன்றுங்கள்.

கூழாங்கல்:
என் கரையின் கீழ்ப்பகுதியைப் போய்ப் பார்த்தேன். கல் குறைந்து மணல் தெரிகிறது. முன்பும் அப்படித்தான் இருந்ததா என்பது நினைவில் இல்லை. நானும் ஒரு கம்பு ஊன்றப் போகிறேன்.