எண்ணெய்க் கடையின் லோகோவை 5 வினாடி அசைவாக்குதல்: வெள்ளை விளிம்பு போகவில்லை

செக்குக்கடை வீட்டுப் பெண்

வணக்கம். எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு லோகோ வரைந்து தந்தவரிடம் மூலக்கோப்பு இல்லை. 640 பிக்சல் அகலமுள்ள ஒரு ஜேபெக் படம் மட்டுமே இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் ஒரு மஞ்சள் எண்ணெய்த்துளி, அதன் மேல் வெள்ளை ஒளிக்கோடு, கீழே கரும்பழுப்பு நிறத்தில் ‘செக்கு எண்ணெய்’ என்ற எழுத்துகள், அவ்வளவுதான். டாவின்சி ரிசால்வில் வெள்ளையை நீக்கி இளம்பச்சைப் பின்னணியில் வைத்தால், எல்லா விளிம்புகளிலும் வெளிறிய கோடு தெரிகிறது. ஒளிக்கோடும் காணாமல் போய்விட்டது. மேலும், 5 வினாடியும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருப்பதால், பெயரைப் படிப்பதற்குள் வீடியோ முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

நிழற்பட நண்பர்

வெள்ளையை நீக்கும் அளவை இன்னும் சற்றுக் கூட்டி, விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கிப் பாருங்கள். என் படங்களில் அதுவே போதுமானதாக இருந்தது.

அச்சக அனுபவசாலி

நண்பர் சொல்வது பெரிய படத்திற்குப் பொருந்தும். இங்கே விளிம்புப் பிக்சல்களிலேயே பழுப்பும் வெள்ளையும் கலந்திருக்கின்றன. அவற்றைச் சுருக்கினால், 640 பிக்சலுக்குள் இருக்கும் மெல்லிய எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஆகவே படத்தைச் செதுக்குவதை விட்டுவிட்டு, வடிவமாக மாற்றிக்கொள்ளுங்கள் அம்மா. இங்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap` சென்று, பல நிறங்களாகப் பிரிக்கும் பகுதியில் நிறங்களைத் தேர்ந்தெடுத்து எடுத்தால், மஞ்சளும் பழுப்பும் தனித்தனி அடுக்குகளாக வரும். இடைநிறத்தில் மெல்லிய அடுக்கு ஏதேனும் வந்தால் அதை அழித்துவிடுங்கள். பின்னணி வெள்ளையை நீக்கும்போது ஒளிக்கோடு துளியில் ஓட்டையாகிவிடும். அதற்கு அடியில் ஒரு வெள்ளை வடிவத்தைக் கையால் வரைந்து வைத்தால் போதும்.

அசைவைப் பொறுத்தவரை, வினாடிக்கு 25 சட்டகம் என்றால் உங்களிடம் இருப்பவை 125 சட்டகங்கள். துளி மேலிருந்து விழுந்து 20ஆம் சட்டகத்தில் தரையைத் தொட்டு, சற்றே அகன்று, 28இல் தன் வடிவத்திற்குத் திரும்பட்டும். எழுத்துகள் 30இல் தொடங்கி 60க்குள் தோன்றி முடியட்டும். மீதி 65 சட்டகங்கள், அதாவது இரண்டரை வினாடிக்கும் மேல், எதுவும் அசையக் கூடாது. கடைப்பெயர் மனத்தில் நிற்பது அந்த அசையாத நேரத்தில்தான் என்பதால், அதைக் குறைக்காதீர்கள். துளி ஒரே வேகத்தில் இறங்கினால் கயிறு கட்டி இறக்கியது போலிருக்கும். விழ விழ வேகம் கூடும்படி வளைவைத் திருத்துங்கள்.

செக்குக்கடை வீட்டுப் பெண்

மிக்க நன்றி ஐயா. விளிம்பு இப்போது கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. ஆனால் ‘எண்ணெய்’ என்பது ‘எணணெய’ என்று வந்துவிட்டது! மேலும் எழுத்துகளைத் தனித்தனியாகத் தோன்ற வைத்தபோது, ‘செ’யின் கொம்பு முதலில் வந்து, ‘ச’ பின்னால் வருகிறது.

அச்சக அனுபவசாலி

`Speckles` அளவைக் கூட்டியிருப்பீர்கள். சிறு கறைகளை நீக்கும் அமைப்பு அது. மெய்யெழுத்தின் புள்ளியையும் கறையென்றே எண்ணி நீக்கிவிடும். அதைக் குறைத்து மீண்டும் எடுங்கள், அல்லது புள்ளிகளை வட்டமாக நீங்களே வரைந்துவிடுங்கள். என் கை இரண்டாவதைத்தான் நாடும், ஏனெனில் சிறிய படத்திலிருந்து எடுத்த புள்ளி எப்போதும் கோணலாகவே வரும். கொம்பையும் ‘ச’வையும் தேர்ந்தெடுத்து `Ctrl+G` அழுத்திக் குழுவாக்கி, ஒவ்வொரு முழு எழுத்தையும் ஒரு பிஎன்ஜி கோப்பாக எடுங்கள். ‘ணெ’க்கும் அப்படியே, ‘க்’, ‘ண்’, ‘ய்’ மூன்றும் தத்தம் புள்ளியோடு வரட்டும்.

தையற்கடைக்காரர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கடை லோகோ அசைவை வேறு வீடியோவின் மேல் வைத்தால் பின்னணி கறுப்பாகிறது. எம்பி4ஆகத்தான் எடுத்தேன்.

நிழற்பட நண்பர்

வழக்கமான எச்.264 எம்பி4இல் ஒளிபுகும் தன்மை தங்காது. ரிசால்வில் குவிக்டைம், `DNxHR`, `444` எனத் தேர்ந்து, `Export Alpha` பெட்டியில் குறியிடுங்கள். கோப்பு மிகப் பெரிதாகும். அதை மூலமாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் எம்பி4 எடுங்கள்.

செக்குக்கடை வீட்டுப் பெண்

மூன்றே புள்ளிகள்தாம், நானே வரைந்துவிட்டேன். அப்பாவிடம் காட்டினேன், பெயரை முழுதாகப் படித்தார். இன்னும் ஒன்று: வாட்ஸ்அப் நிலைத்தகவலுக்கு 1080க்கு 1920 என்ற செங்குத்து அளவில் வைத்தால் எழுத்து மிகவும் சிறுத்துவிடுகிறது.

அச்சக அனுபவசாலி

பெயரை இரண்டு வரியாக மடித்துத் துளிக்குக் கீழே வைக்கலாம். ஆனால் அது லோகோவின் அமைப்பையே மாற்றுவதாகும். வரைந்தவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நிழற்பட நண்பர்

நான் மடிக்க மாட்டேன். துளி விழுந்தபின் அதை மேலே ஏற்றிச் சிறிதாக்கி, பெயரை அகலம் முழுக்க விரிப்பேன்.

செக்குக்கடை வீட்டுப் பெண்

இரண்டையும் செய்து, கடைக்கு வருபவர்களிடம் கைப்பேசியில் காட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.