ரப்பரைப் பிடுங்கினால் சரியாகிவிடுமா?

மேசைவிளக்கு
> “வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட்டால் அது கொழுப்பு. எழுதி எழுதி அழித்தால் ரப்பரைப் பிடுங்கி வையுங்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.” (கணக்குவாத்தியார், வேறோர் இழையில்)

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளை, ஒரு பக்கக் கட்டுரை. முதல் வரியை எழுதும், எழுத்து சாய்ந்துவிட்டது என்று அழிக்கும், மறுபடி எழுதும். நாற்பது நிமிடத்தில் நான்கு வரி. ரப்பரை எடுத்துவிட்டால் அதே பிள்ளை தாளைக் கிழிக்கும். தாளையும் எண்ணிக் கொடுத்தால், வாக்கியத்தை மனதுக்குள் எழுதி மனதுக்குள்ளேயே அழித்துக்கொண்டு பென்சில் சீவிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம் மாதிரியே தெரியும். தப்பு வந்தால் தாங்காது என்ற பயம் அப்படியே இருக்கும்போது ரப்பரை மட்டும் எடுத்து என்ன பயன்?

கணக்குவாத்தியார்
எதற்கெடுத்தாலும் பயம், பதற்றம். பேனாவில் தேர்வு எழுதும் பிள்ளைகளிடம் ரப்பர் இருக்கிறதா? எழுதுகிறார்களா இல்லையா? பேனாவைக் கொடுங்கள், முடிந்தது கதை.

மேசைவிளக்கு
முடியாது சார். பேனாவைக் கொடுத்தால் ஒயிட்னர் வரும். ஒயிட்னரைத் தடுத்தால் என்ன ஆகும் என்று அந்த விடைத்தாள்களிலேயே பாருங்கள். முதல் இரண்டு விடைகள் அச்சடித்தது போல இருக்கும், கடைசி மூன்று கேள்விகள் தொடப்பட்டே இருக்காது. வாயால் கேட்டால் அந்த மூன்றுக்கும் பதில் வரும்.

தள்ளிப்போடுவது எப்படி வளர்கிறது என்பதையும் பாருங்கள். நோட்டைத் திறந்ததும் நெஞ்சு படபடக்கிறது. “அப்புறம் எழுதுகிறேன்” என்று மூடியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் பரிசு. மூடினால் நிம்மதி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதே நோட்டு இன்னும் பெரிய பூதமாகத் தெரியும், நேரமும் குறைந்திருக்கும். கடைசி இரவில் அவசரமாக எழுதிக் கொடுத்தால் “நேரம் இல்லை, அதனால்தான் இப்படி” என்று சொல்லிக்கொள்ளலாம். திறமைமேல் பழி வராது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சாக்கு ரொம்ப வசதி, ஏனென்றால் காப்பாற்ற வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது.

கணக்குவாத்தியார்
பெயரைக் காப்பாற்ற நினைப்பது குற்றமா? உயர்ந்த தரம் வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைதான் உயரும். நீங்கள் சொல்கிறபடி போனால் எல்லாரும் கிறுக்கிக் கொடுக்கலாம்.

மேசைவிளக்கு
தரத்தைக் குறைக்கச் சொன்னேனா? எங்கே? உயர்ந்த தரம் வைத்திருக்கும் பிள்ளை தப்பைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகும். இந்தப் பிள்ளை போகாது. நான் பேசுவது இந்தப் பிள்ளையைப் பற்றி.

தாழ்வாரம்
எழுதத் தயங்கும் பிள்ளைகள் நிறைய பேருக்கு எழுதுவதிலேயே சிரமம் இருக்கும், இல்லையென்றால் கவனக்குறைபாடு. அதைப் பார்க்காமல் பயம் பயம் என்று போவதும் தப்பு. ரப்பர் சண்டையே தேவையில்லை.

மேசைவிளக்கு
பாதி சரி. கண்டுபிடிக்க வழி உண்டு. பார்த்து எழுதச் சொல்லுங்கள். பார்த்து எழுதவே கை வலித்து, எழுத்து சிதறினால், எழுதும் சிரமத்தைச் சோதிக்க வேண்டும். கவனக்குறைபாடு என்றால் பிடிக்காத வேலை, நீளமான வேலை எல்லாவற்றிலும் கவனம் சிதறும், யாரும் பார்க்காவிட்டாலும். பயம் என்றால் மதிப்பெண் இல்லாத, யாரிடமும் காட்டத் தேவையில்லாத பக்கத்தைப் பிள்ளை சரளமாக எழுதிவிடும், மதிப்பெண் என்றதும் உறையும். இவை சேர்ந்தும் இருக்கலாம், அதனால் ஒரு நாளை வைத்து முடிவு கட்டக் கூடாது.

மல்லிகா அம்மா
என் பையன் அழிக்கவே மாட்டான், தொடங்கவே மாட்டான். அப்ப அவனுக்கு ரப்பர் வாங்கிக் கொடுக்கணுமா? போட்டி என்றால் வயிறு வலிக்குதுன்னு படுத்துக்கறான்.

மேசைவிளக்கு
ரப்பர் வாங்க வேண்டாம் அம்மா. அழிக்கிறவனும் தொடங்காதவனும் ஒரே பயத்தில்தான் இருக்கலாம். தொடங்காவிட்டால் அழிக்கவும் வேண்டியதில்லையே. ஜெயிப்போம் என்று உறுதியாகத் தெரிந்த போட்டிக்கு வலி வருகிறதா என்று கவனியுங்கள். வலி வாரக்கணக்கில் தொடர்ந்தால், தூக்கம் கெட்டால், பள்ளிக்கே போக மறுத்தால் டாக்டரிடமும் குழந்தை உளவியலாளரிடமும் காட்டுங்கள். இங்கே கேட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

கணக்குவாத்தியார்
ரப்பருக்குப் பதிலாக என்ன செய்வது என்று இன்னும் சொல்லவில்லை. பேச்சு மட்டும் நீளம்.

மேசைவிளக்கு
சொல்கிறேன், முழுதும் படியுங்கள். கட்டுரை எழுதும் அதே பிள்ளைதான். முதலில் ஐந்து நிமிடம் கடிகாரம் வைத்து ஒரு கச்சாப் பக்கம். யாரும் படிக்க மாட்டோம் என்று சொன்னால் படிக்கவே கூடாது. சில நாள் கழித்து, பிள்ளையோடு பேசி, ஒரு பக்கத்துக்கு ஐந்து தடவைதான் அழிக்கலாம் என்று வைத்துக்கொள்வது. எண்ணிக்கையைப் பிள்ளை சொல்ல வேண்டும். பிறகு மூன்று. பிறகு தப்பின்மேல் ஒற்றைக் கோடு மட்டும்.

அந்தக் கோடு போட்ட பக்கத்தை ஆசிரியரிடம் கொடுக்கும் முன், என்ன நடக்கும் என்று பிள்ளை ஒரு சீட்டில் எழுதட்டும். “டீச்சர் எல்லார் முன்னாடியும் காட்டுவாங்க, எனக்கு 9 பயம், பத்துக்கு.” மாலையில் அதே சீட்டில் நடந்ததை எழுதட்டும். பெரும்பாலும் டீச்சர் கோட்டைக் கவனித்திருக்கவே மாட்டார். பயம் 9 ஆக இருந்தபோதும் கொடுக்க முடிந்தது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது. நீங்கள் பிடுங்கினால் அது தண்டனை, பிள்ளை எண்ணிக்கை வைத்தால் அது பயிற்சி. ஒரே ரப்பர்தான், விளைவு நேரெதிர்.

கெடுவது இரண்டு இடத்தில். “நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு” என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் நீங்களே ரப்பர் ஆகிவிடுவீர்கள், நீங்கள் இல்லாமல் எழுத வராது. அடுத்தது, கோட்டைப் பார்த்ததும் ஆசிரியர் மதிப்பெண் குறைத்தால் அத்தனை நாள் வேலையும் போச்சு. அதனால் முன்கூட்டியே அவரிடம் பேசிவிட வேண்டும்.

கணக்குவாத்தியார்
ஆக, கடைசியில் அழிப்பதைக் குறைக்கத்தான் சொல்கிறீர்கள். நான் சொன்னதையே சுற்றி வளைத்துச் சொல்ல இத்தனை வரிகள்.

தாழ்வாரம்
சார், அவர் சொன்னது பிள்ளையைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. நீங்கள் சொன்னது பிடுங்கு.

கணக்குவாத்தியார்
உங்களைக் கேட்கவில்லை. சண்டையே தேவையில்லை என்றவர் நீங்கள்தானே. வீட்டில் “நீ கெட்டிக்காரி, உனக்கு எல்லாம் வரும்” என்று தூக்கி வைத்துவிட்டு, பழியை மட்டும் ஆசிரியர்மேல் போடுங்கள்.

மேசைவிளக்கு
கெட்டிக்காரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1998இல் மியுல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்ற பிறகு, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடத் தொடர்ந்து முயல விருப்பம் குறைவாகக் காட்டினார்கள். ஆனால் நீங்களே பலகையில் முதல் மூன்று பேர் பெயரை எழுதச் சொல்லி வேறோர் இழையில் வாதாடினீர்கள். அதுவும் அதே பாராட்டுதான்.

கணக்குவாத்தியார்
கையெழுத்து இழையில் உங்களால் பதில் சொல்ல முடியாமல் போனதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்து பேசுகிறீர்கள். பலகையில் பெயர் எழுதினால் ஊக்கம். ரப்பர் இல்லாவிட்டால் பழக்கம். நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

மல்லிகா அம்மா
ஜெயிக்கிற போட்டிக்கு வலி வரலை சார். இப்பதான் யோசிச்சுப் பார்த்தேன். தோக்கலாம்னு தெரிஞ்ச ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும்தான் வந்துச்சு. படிப்புலயும் அப்படித்தானா, சீட்டு எழுத வைக்கலாமா?

மேசைவிளக்கு
வைக்கலாம் அம்மா, சின்னப் போட்டியில் தொடங்குங்கள். வலிக்கு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு.
கணக்குவாத்தியார், கையெழுத்து இழையில் பதில் சொல்லாமல் போனது யார் என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. போய்ப் படியுங்கள்.

கணக்குவாத்தியார்
படித்தேன். அங்கேயும் ரப்பரைத்தான் எடுக்கச் சொன்னேன்.