புதுப்பிப்பு: மாத்திரை விழுங்கும் நேரத்தை மாற்றிய பிறகு

நான் முன்பு கேட்டது: "ஐந்தாம் மாதம். ஒரு மாதமாக இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 9.4-லேயே நிற்கிறது, ஏன்?"

தவறு மாத்திரையில் இல்லை. இட்லி சாப்பிட்ட கையோடு இரும்பு, கால்சியம் இரண்டையும் ஒன்றாக விழுங்கி, மேலே ஒரு டம்ளர் கும்பகோணம் டிகிரி காபியும் குடித்துவந்தேன். கால்சியமும் காபியும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாது என்று திருவையாற்றுச் செவிலியர் அக்கா சுட்டிக்காட்டினார். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி அளவு கூடுகையில் சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடாமல் ரத்தம் நீர்த்துப்போவதும், குழந்தையும் நஞ்சுக்கொடியும் என் சேமிப்பிலிருந்தே இரும்பை எடுத்துக்கொள்வதும் அவர் சொல்லித்தான் புரிந்தது.

முருங்கைக்கீரையே போதும் என்று மன்னார்குடி அண்ணன் சொன்னது பாதி சரி. கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும், எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சற்றுக் கூடும், ஆனால் ஏற்கெனவே விழுந்த பள்ளத்தை அது மட்டும் நிரப்பாது. மலம் கறுத்ததால் பயந்து மாத்திரையை நிறுத்திய தோழிக்கு: எனக்கும் கறுத்தது, அது இரும்பின் நிறம்தான் என்றார் மருத்துவர்.

மருத்துவர் சொன்னபடி இப்போது நாளைக்கு இரண்டு இரும்பு மாத்திரை. உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, நெல்லிக்காய்ச் சாற்றுடன். கால்சியம் வேறு வேளையில். நான்கு வாரத்தில் 10.5 ஆனது. மலச்சிக்கல் மட்டும் தீரவில்லை. அடுத்த மாதமும் 11-ஐத் தொடாவிட்டால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உண்டா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.