டெல்லியின் 7 தொகுதிகளை எப்படிக் காட்டுவது?

வணக்கம். 543 மக்களவைத் தொகுதிகளையும் ஒரே ஏ4 தாளில் கட்சிவாரியாக நிறம் தீட்டினேன். டெல்லியின் 7 தொகுதிகளும் சேர்ந்து அரை சென்டிமீட்டர்கூட வரவில்லை. ஒரே ஒரு எம்.பி. உள்ள லடாக் மட்டும் தலைமேல் பெரிதாக நிற்கிறது.

சரி என்று QGIS-இல் கார்ட்டோகிராம் போட்டேன். டெல்லி ஊதிவிட்டது, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஹரியானா நசுங்கி அடையாளமே தெரியவில்லை. தொகுதிக்கு ஓர் அறுகோணம் வைத்தால் அளவு சமமாகிறது, ஆனால் பக்கத்துத் தொகுதிகள் பிரிந்துபோகின்றன.

சாதாரண வரைபடத்தையே வைத்து, டெல்லி, மும்பை, சென்னையை மட்டும் ஓரத்தில் பெரிதாக்கினால் போதுமா? அப்போதும் லடாக்கின் நிறம்தானே முதலில் கண்ணில் படும்? அறுகோணங்களை மாநில எல்லை குலையாமல் அடுக்கியவர்கள் வழி சொல்லுங்களேன்.