கலைச்சொல்: பேக்பிரஷர், ரேட் லிமிட்டிங் – இரண்டுக்கும் ஒரு சொல் போதுமா?

மயூரன் (திருநெல்வேலி)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு டியூட்டறிக்கு நாங்கள் செய்துகொடுத்த மென்பொருளின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேக்பிரஷருக்குப் பின்னழுத்தம், ரேட் லிமிட்டிங்குக்கு வேகக் கட்டுப்பாடு என்று போட்டேன். வாசித்துப் பார்த்த நண்பன், "இரண்டும் ஒரே விசயம்தானே, ஒரு சொல் போதும்" என்கிறான்.

எந்த இடத்தில் இந்தச் சொற்கள் வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் 12,000 பெற்றோருக்கான எஸ்எம்எஸ் ஒரே நிமிடத்தில், செய்திகளை வரிசையில் வைத்திருக்கும் ரபிட்எம்கியூ மென்பொருளின் வரிசைக்குள் வந்து விழுகிறது. எஸ்எம்எஸ் கேட்வே செக்கனுக்கு 20 மட்டும் எடுக்கும். அந்த நிமிடம் முடியும்போது 1,200 போயிருக்கும், 10,800 காத்திருக்கும். அது வடிய 9 நிமிடம் வேண்டும். பெறுபேறு பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் இணையத்தளத்தில் நுழைவதற்கான ஓடிபியும் அதே வரிசையின் வாலில்தான் நிற்கிறது. அதன் ஆயுள் 5 நிமிடம். வராததைப் பார்த்துச் சனம் "மீண்டும் அனுப்பு" பொத்தானை அமத்த, வால் இன்னும் நீளும். கடைசியில் கேட்வே அனுப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் காலாவதியான ஓடிபிகளை. திரையில் எல்லாம் பச்சை: சிபியூ சும்மா இருக்கிறது, பிழை ஒன்றும் இல்லை, செக்கனுக்கு 20 ஒழுங்காகப் போகிறது.

தர்சினி (கொக்குவில்)

உங்கள் நண்பன் சொல்வது சரி என்றுதான் நினைக்கிறேன். உள்ளே வரும் பக்கத்தில் செக்கனுக்கு 20 என்று ஒரு எல்லை போட்டால் வரிசை நீளாது. அதற்குப் பிறகு பேக்பிரஷருக்கு என்ன வேலை? வேகக் கட்டுப்பாடு என்ற ஒரே சொல் எல்லோருக்கும் விளங்கும். ஓடிபிக்குத் தனி வரிசை வைத்தால் மிச்சப் பிரச்சினையும் தீரும்.

சிவகுமார் (கொழும்பு, ஊர் உரும்பிராய்)

தர்சினி, தனி வரிசை நல்ல யோசனை, அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் 20 என்ற எண்ணை எழுதி வைத்தவர் நாங்கள். கேட்வே இன்றைக்குச் சோர்ந்து செக்கனுக்கு 5தான் எடுக்கிறது என்றால், வாசலில் நிற்கும் அந்த எல்லைக்கு அது தெரியாது. அது 20 பேரை விட்டுக்கொண்டே இருக்கும், வரிசை செக்கனுக்கு 15ஆக வளரும். ரேட் லிமிட் முன்கூட்டிப் போட்ட கணக்கு. பேக்பிரஷர் என்பது எடுக்கிறவன் அந்தந்த நேரத்து நிலைமையை அனுப்புகிறவனுக்குத் தெரிவிப்பது. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

மயூரன், ஒன்றைப் பார்த்துச் சொல்லும்: வரிசையில் இருந்து செய்தியை எடுத்துக் கேட்வேக்கு அனுப்பும் உமது வேர்க்கரில் prefetch, அதாவது ஒப்புதல் சொல்லாமல் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய செய்திகளின் எல்லை, எவ்வளவு?

மயூரன்

அண்ணை, அதைத் தொடவே இல்லை. திரையில் Ready 0, Unacked பத்தாயிரத்துக்கு மேல் என்று காட்டியது. Ready 0 என்றால் வரிசை காலி என்றுதானே அர்த்தம்?

சிவகுமார்

இல்லை. எல்லை எதுவும் போடாவிட்டால் வரிசையில் உள்ள அத்தனையையும் வேர்க்கர் தன் நினைவகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். Ready காலியாகத் தெரியும், சுமை முழுக்க வேர்க்கரின் தலையில். அது செத்தால் எல்லாம் திரும்ப வரிசைக்கு வந்து மறுபடி தொடங்கும். முதலில் இதைப் போடும்:

```
channel.basic_qos(prefetch_count=20)
```

கையில் உள்ள 20ஐ முடித்து ஒப்புதல் சொல்லும் வரைக்கும் அடுத்தது வராது. இது வேர்க்கருக்கும் வரிசைக்கும் இடையிலான பேக்பிரஷர். ஆனால் அது அங்கேயே நின்றுவிடும். இப்போது வரிசைதான் வீங்கும். அதை அடுத்த கண்ணிக்கும் கடத்த வேண்டும். ஓடிபி 30 செக்கனுக்குள் போக வேண்டும் என்று வைத்தால், செக்கனுக்கு 20 வீதம் 600க்கு மேல் காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை. ஆகவே ஓடிபி வரிசைக்கு:

```
x-max-length: 600
x-overflow: reject-publish
```

இரண்டாவது வரியை மறந்தால் பழைய செய்தி முன்பக்கத்தில் சத்தமில்லாமல் விழுந்துபோகும், இயல்பாக அமைந்திருப்பது அதுதான். இரண்டாவது வரி இருந்தாலும், அனுப்பும் பக்கத்தில், செய்தியை ஏற்றதா மறுத்ததா என்று பதில் தரும் பப்ளிஷர் கன்ஃபர்ம்ஸ் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் மறுத்தது அதற்குத் தெரியாது. கேட்வே 5க்கு இறங்கினால் 600 என்பது இரண்டு நிமிடக் காத்திருப்பு. அதனால் வரிசை நீளத்தை விட, முன்னால் நிற்கும் செய்தியின் வயதைப் பார்ப்பது நல்லது.

நந்தன் (சாவகச்சேரி)

நான் வாகனத் திருத்தம் செய்பவன், கொம்பியூட்டர் தெரியாது. எங்கள் தொழிலில் பேக்பிரஷர் ஒரு வருத்தம். என்னுடைய வான் ஏற்றத்தில் இழுக்காமல் கிடந்தது, சைலன்சர் கரி பிடித்து அடைத்திருந்தது, மாற்றியதும் சரி. நீங்கள் எல்லோரும் அதை வேண்டுமென்றே உண்டாக்கப் பார்க்கிறீர்கள் போலிருக்கே?

சிவகுமார்

நந்தன் அண்ணை, ஓம், வேண்டுமென்றேதான். இதனால் எனக்கு "பின்னழுத்தம்" மேலேயே சந்தேகம் வருகிறது. கேட்டவுடன் "அடைப்பு, நீக்கு" என்ற எண்ணம்தான் வரும். "தடுத்துணர்த்தல்" என்றால் என்ன?

பௌதிகவியல் மாஸ்டர் (இளைப்பாறியவர், சுன்னாகம்)

பிள்ளைகளே, சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் பிரஷர் என்பது அமுக்கம். அழுத்தம் என்று எழுதினால் நான் படிப்பித்த பிள்ளைக்கு மின்னழுத்தம்தான் ஞாபகம் வரும். ஆகவே பின்னமுக்கம். வேகமும் சரியில்லை: எங்களுக்கு வேகம் திசை உள்ள கணியம், திசை இல்லாதது கதி. செக்கனுக்கு இத்தனை என்பது இரண்டும் அல்ல, வீதம். தாக்கவீதம் என்று இரசாயனத்தில் படிக்கவில்லையா? வீதக் கட்டுப்பாடு என்று போடுங்கள். தடுத்துணர்த்தல் வாயில் நுழையவில்லை, தம்பி.

தர்சினி

மாஸ்டர், சென்னையில் இருந்து வாசிப்பவர்கள் வீதத்தைச் சதவீதம் என்று எடுப்பார்களே? எங்கள் கையேட்டை அவர்களும் பார்ப்பார்கள். அதோடு அமுக்கம் என்றால் அவர்கள் அமுக்கிப் பிடிப்பதை நினைப்பார்கள்.

சிவகுமார் அண்ணை, கேட்வே சோர்ந்தால் எல்லைக்குத் தெரியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் பொத்தானை அமத்துகிற மனிசனுக்கு எந்த வரிசை எந்த அமுக்கத்தைக் கொடுக்கும்? கடைசியில் அவனை வாசலில் மறுக்கத்தானே வேண்டும்? அந்த இடத்தில் உங்கள் பேக்பிரஷரும் ரேட் லிமிட்டாகத்தானே மாறுகிறது?

சிவகுமார்

நல்ல கேள்வி. மறுக்கத்தான் வேண்டும், ஆனால் மறுப்பு ஒரே மறுப்பு அல்ல. ஒரே இலக்கத்துக்கு ஒரு நிமிடத்தில் மூன்று தடவைக்கு மேல் ஓடிபி கேட்டால் சேர்வர் அனுப்பும் HTTP பதில் எண் 429: நீர் கூடக் கேட்டுவிட்டீர். முதல் தடவை கேட்கிற ஒருவரை, எங்கள் வரிசை நிரம்பியதால் மறுத்தால் 503: எங்களால் இப்போது இயலாது. இரண்டோடும் `Retry-After: 30` அனுப்பலாம். 429 வீதக் கட்டுப்பாட்டின் குரல், 503 பின்னமுக்கம் வாசல் வரை வந்து சேர்ந்ததன் குரல். ஒரு பிழையும் செய்யாத தாய்க்கு "அதிகம் கேட்டுவிட்டீர்கள்" என்று காட்டினால் ஏச்சு டியூட்டறிக்குத்தான் விழும். ஒரே சொல் வைத்தால் கையேட்டை வாசிக்கிற பெடியன் இரண்டுக்கும் 429தான் எழுதுவான்.

12,000 பெறுபேறுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அனுப்புவது எங்கள் நிரல்தான், மறுத்தால் சற்று நின்று திரும்ப அனுப்பும். அதற்குப் பின்னமுக்கம் மட்டும் போதும்.

மயூரன்

சரி. வீதக் கட்டுப்பாட்டை எழுதிவிட்டேன், சென்னை வாசகருக்காக முதல் தடவை வருமிடத்தில் "செக்கனுக்கு இத்தனை என்ற எல்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பின்னமுக்கம், பின்னழுத்தம் இரண்டில் எது என்று இன்னும் முடிவில்லை. இப்போதைக்கு முதலாவதை வைத்திருக்கிறேன். திரையில் வருகிற இரண்டு வாசகங்களையும் மாற்றிவிட்டேன். 503க்கு "இப்போது நெரிசல், 30 செக்கனில் மீண்டும் முயலுங்கள்" என்று எழுதினேன்.

நந்தன்

நெரிசல் என்றால் எனக்கும் விளங்குது. அதையே பெயராக வைத்தால் என்ன?

தர்சினி

நெரிசல் நோய், அண்ணை. நாங்கள் தேடுவது மருந்துக்குப் பெயர். ஆனால் மயூரன், எல்லோரும் சரியாக 30 செக்கன் கழித்து ஒன்றாகத் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்? அந்த எண்ணை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றி அனுப்புங்கள், 20 தொடக்கம் 60 வரை. அதற்கும் ஒரு சொல் வேண்டும், ஜிட்டர் என்கிறார்கள்.